போர்டு மீட்டிங்குக்குப் பட்ஜெட்–ஆக்சுவல் வித்தியாசம்: ஒரு வரி விளக்கம் எப்படி எழுதுவது?

மில்_கணக்கு_பொள்ளாச்சி (இழை தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையான ஆறு மாதக் கணக்கை அடுத்த வியாழக்கிழமை போர்டில் வைக்கணும். டைரக்டர்கள் ஐந்து பேர். சேர்மன் அய்யாவுக்கு 78 வயசு, மில்லைக் கட்டினவர். ஒருத்தர் பஞ்சு வியாபாரி, ஒருத்தர் ரிட்டயர்டு பேங்க் மேனேஜர், மற்ற இரண்டு பேரும் குடும்பத்துப் பிள்ளைகள். அதில் ஒருவர் டாக்டர்.

இதுவரை 62 வரி கொண்ட எக்செல் ஷீட்டை அப்படியே பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவந்தோம். யாரும் படிப்பதில்லை. இந்த முறை ஒரே பக்கம் வேணும், ஒவ்வொரு பெரிய வித்தியாசத்துக்கும் ஒரே வரியில் காரணம் வேணும் என்று எம்.டி. சொல்லிட்டார். நான் எழுதிவைத்திருப்பது இது:

மின்சாரம்: பட்ஜெட் 6 கோடி, ஆனது 5 கோடியே 10 லட்சம். 90 லட்சம் மிச்சம். காரணம்: சிக்கன நடவடிக்கை, மில்லின் சொந்தக் காற்றாலை நல்ல உற்பத்தி.

பஞ்சு: பட்ஜெட் 16 கோடி, ஆனது 15 கோடியே 96 லட்சம். 4 லட்சம் மிச்சம். காரணம்: பட்ஜெட்டுக்குள் உள்ளது.

நூல் விற்பனை: பட்ஜெட்டை விட 20 லட்சம் குறைவு. காரணம்: உற்பத்தி குறைவு.

கேன்டீன்: பட்ஜெட் 60,000, ஆனது 84,000. காரணம்: விலைவாசி.

இது போதுமா? மின்சாரத்தில் 90 லட்சம் மிச்சம் என்று தெரிந்ததுமே, அந்தப் பணத்தில் நூல் சுற்றும் ஆட்டோகோனர் மெஷின் புதுசாக வாங்கலாம் என்று ஒரு டைரக்டர் பேச ஆரம்பிச்சிட்டார். அதனால் தப்பு வந்துடக்கூடாது என்று கொஞ்சம் பயமாக இருக்கு.

---

சிஏ_இன்டர்_மதுரை

மேடம், எங்க ஆடிட் ஆபீசில் ஒரு விதி வைத்திருக்கிறோம். 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சிவப்பு, அதற்கு மட்டும் காரணம் எழுதணும். மற்றதைத் தொடவே வேண்டாம். உங்க ஷீட்டில் மின்சாரம் 15 சதவீதம், கேன்டீன் 40 சதவீதம். இந்த இரண்டுக்கும் எழுதுங்க. பஞ்சு கால் சதவீதம்தான், விட்டுடலாம்.

இன்னொன்று, செலவில் மைனஸ் என்றால் நல்லது, வரவில் மைனஸ் என்றால் கெட்டது என்று வரும்போது போர்டு குழம்பிப்போகும். பி நெடுவரிசையில் "வரவு" அல்லது "செலவு" என்று போட்டு, சி-யில் பட்ஜெட், டி-யில் ஆக்சுவல் வைத்து இப்படி எழுதிடுங்க:

```
=IF(B5="வரவு",D5-C5,C5-D5)
```

இப்போது எல்லா வரியிலும் பிளஸ் என்றால் மில்லுக்கு நல்லது, மைனஸ் என்றால் பாதகம். அடைப்புக்குறிக்குள் நம்பர் இருந்தால் என்ன அர்த்தம் என்று யாரும் கேட்கமாட்டாங்க.

---

அடுக்ககச்_செயலாளர்_வேளச்சேரி

எனக்கும் இதே பிரச்சினைதான். 96 வீடு உள்ள அப்பார்ட்மென்டில் செயலாளராக இருக்கேன். லிஃப்ட் ஏ.எம்.சி.க்கு வருஷப் பணத்தை ஏப்ரலிலேயே மொத்தமாகக் கட்டினோம். பட்ஜெட்டில் அது பன்னிரண்டாகப் பிரிந்து கிடந்தது. மே மாத மீட்டிங்கில், ஒரே மாசத்தில் பன்னிரண்டு மடங்கு செலவு பண்ணியிருக்கீங்களே என்று ஒரு மணி நேரம் திட்டு வாங்கினேன். இதற்கு ஏதாவது நல்ல மொபைல் ஆப் இருந்தால் சொல்லுங்க. கிராஃப் போட்டுக் காட்டினால் புரியும் என்று நினைக்கிறேன்.

---

ரிட்டயர்டு_ஃபைனான்ஸ்_திண்டுக்கல்

முப்பது வருஷம் இரண்டு மில்களில் இந்த வேலைதான் பார்த்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மதுரைத் தம்பியின் ஃபார்முலா சரி, அதை வைத்துக்கொள்ளுங்கள். 10 சதவீத விதி பாதி சரி. சதவீதத்தை மட்டும் பார்த்தால் 24,000 ரூபாய் கேன்டீன் செலவு சிவப்பில் வந்து நிற்கும். போர்டு பத்து நிமிஷம் டீ, பலகாரத்தைப் பேசும். 16 கோடி ரூபாய் பஞ்சு கண்ணில் படாமல் போய்விடும். ரூபாய் அளவு ஒன்று வையுங்கள். உங்கள் மில்லுக்கு 10 லட்சம் சரியாக இருக்கும். பஞ்சுக்கு மட்டும் எந்த அளவும் வேண்டாம். வித்தியாசம் பூஜ்யமாக இருந்தாலும் விலை எவ்வளவு, அளவு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தே ஆகவேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

வேளச்சேரி சார், உங்களுக்கு ஆப் வேண்டாம். உங்கள் பட்ஜெட்டில் லிஃப்ட் தொகையை ஏப்ரல் மாதத்திலேயே முழுசாக வைத்துவிடுங்கள், தீர்ந்தது. உங்களுக்கு நடந்ததுதான் பொள்ளாச்சி அம்மாவுக்கும் நடந்திருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன். உங்களுக்குத் திட்டு கிடைத்தது, அவர்களுக்குப் பாராட்டு கிடைக்கப்போகிறது. பாராட்டில் வரும் தப்பை யாரும் கேள்வி கேட்பதில்லை, அதனால் அதுதான் அதிக ஆபத்து.

அம்மா, ஒரு கேள்வி. மின்சாரத்துக்கு வருஷ பட்ஜெட் 12 கோடியா? அதைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் ஒரு கோடி என்று போட்டீர்களா?

---

மில்_கணக்கு_பொள்ளாச்சி

ஆமாம் சார். மாதம் ஒரு கோடி. எல்லா வருஷமும் அப்படித்தான் போடுகிறோம்.

---

காற்றாடி_ஆரல்வாய்மொழி

அப்போ அந்த 90 லட்சம் மிச்சமே இல்ல மேடம். நான் விண்ட்மில் மெயின்டனன்ஸில் இருக்கேன். நம்ம ஊர் காத்து மே கடைசியில் பிடிச்சு செப்டம்பர் வரைக்கும் அடிக்கும். வருஷத்து யூனிட்டில் பெரும்பங்கு இந்த நாலஞ்சு மாசத்திலேயே வந்துடும். அந்த மாசங்களில் உங்க மின்வாரிய பில் படுத்துடும். காத்து சீசனில் செலவாகாத யூனிட்டை வாரியத்துக்கிட்ட வரவு வைக்கிறதுதான் பேங்கிங், அதில் மிச்சம் யூனிட் கிடந்தா அக்டோபர், நவம்பர் வரை ஓட்டலாம். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் முழுசா வாரியத்துக்கிட்டதான் வாங்கணும். செப்டம்பரோட கணக்கை நிறுத்திப் பார்த்தா எந்த மில்லும் சிக்கனமாத்தான் தெரியும்.

செப்டம்பர் 30 அன்னிக்கு பேங்கிங்கில் எத்தனை யூனிட் பாக்கின்னு போர்டுக்குச் சொல்லுங்க. அது பணம் மாதிரி. மார்ச் 31-க்குள்ள எடுத்துக்கணும்.

உங்க மெஷின் எதுவும் சீசனில் நின்னுச்சா? அதையும் பாருங்க.

---

மில்_கணக்கு_பொள்ளாச்சி

இரண்டு நாளாக உட்கார்ந்து பழைய பில்களை எடுத்துப் பார்த்தேன். கடந்த மூன்று வருஷத்தின் மாத வாரிப் போக்கை வைத்து இந்த வருஷ 12 கோடியைப் பிரித்தால், முதல் ஆறு மாதத்துக்கு 4 கோடியே 90 லட்சம், அடுத்த ஆறு மாதத்துக்கு 7 கோடியே 10 லட்சம் வருகிறது. ஆனது 5 கோடியே 10 லட்சம். அதாவது 90 லட்சம் மிச்சம் இல்லை, 20 லட்சம் கூடுதல்!

படபடப்பாகிவிட்டது. ஆட்டோகோனர் பேச்சை நினைத்தால் இன்னும் படபடப்பு.

அந்த 20 லட்சத்தையும் தேடினேன். ஜூலையில் ஒரு 850 கிலோவாட் காற்றாலை கியர்பாக்ஸ் போய் மூன்று வாரம் நின்றிருக்கிறது. அந்த நேரத்தில் சுமார் 2 லட்சம் யூனிட் வந்திருக்கணும். யூனிட்டுக்கு 7 ரூபாய் வைத்தால் 14 லட்சம். மீதி 6 லட்சம், 2025 ஜூலை 1 முதல் மின்கட்டணம் 3.16 சதவீதம் ஏறியதால் வந்தது. நாங்கள் பட்ஜெட் போட்டது பிப்ரவரியில், அப்போது அந்த ஏற்றம் தெரியாது.

---

ரிட்டயர்டு_ஃபைனான்ஸ்_திண்டுக்கல்

அருமையாகத் தேடியிருக்கிறீர்கள். இப்போது அந்த 20 லட்சத்துக்குள் இரண்டு வேறு வேறு சாதி இருப்பதைப் பாருங்கள். கியர்பாக்ஸ் ஒருமுறை நடந்தது, திரும்ப வராது, போன பணமும் தானாகத் திரும்பி வராது. கட்டண ஏற்றம் இனி ஒவ்வொரு மாதமும் வரும். அதுவும் அடுத்த ஆறு மாதம் காற்று இல்லாத காலம், வாரியத்திடம் வாங்குவது அதிகம். 7 கோடியே 10 லட்சத்துக்கு 3.16 சதவீதம் என்றால் சுமார் 22 லட்சம். ஆக மார்ச் முடிவில் மின்சாரம் 12 கோடிக்குப் பதில் 12 கோடியே 42 லட்சத்தில் நிற்கும்.

போர்டுக்கு வேண்டியது அந்தக் கடைசி நம்பர். போனது போகட்டும், வருஷக் கடைசியில் எங்கே போய் நிற்போம் என்றுதான் சேர்மன் கேட்பார். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"மின்சாரம்: ஆறு மாதத்தில் 20 லட்சம் கூடுதல். காற்றாலை கியர்பாக்ஸ் பழுதால் 14 லட்சம், இது முடிந்துவிட்டது. ஜூலை கட்டண உயர்வால் 6 லட்சம், இது தொடரும். மார்ச்சில் 12.42 கோடி ஆகும், பட்ஜெட்டை விட 42 லட்சம் அதிகம்."

நான்கு சிறிய வாக்கியம்தான். எவ்வளவு, ஏன், தொடருமா, கடைசியில் எவ்வளவு. "சிக்கன நடவடிக்கை", "விலைவாசி" போன்ற சொற்களை எடுத்துவிடுங்கள். ரூபாய் ஒட்டாத காரணம் எதுவும் அந்த வரியில் இருக்கக்கூடாது என்பது நான் கடைசிவரை விடாத பிடிவாதம். காரணங்களின் ரூபாயைக் கூட்டினால் மொத்த வித்தியாசம் வரவேண்டும். வராவிட்டால், நமக்கே இன்னும் தெரியவில்லை என்று அர்த்தம்.

இனி பஞ்சு. எத்தனை கிலோ, என்ன விலை?

---

மில்_கணக்கு_பொள்ளாச்சி

பட்ஜெட் 10 லட்சம் கிலோ, 160 ரூபாய். ஆனது ஒன்பதரை லட்சம் கிலோ, 168 ரூபாய்.

---

சிஏ_இன்டர்_மதுரை

ஓ, இதைத்தான் சார் சொன்னாரா! விலையில் 8 ரூபாய் கூடுதல், ஒன்பதரை லட்சம் கிலோவுக்கு 76 லட்சம் பாதகம். அளவில் 50,000 கிலோ குறைவு, 160 ரூபாய் வீதம் 80 லட்சம் சாதகம். ஒன்றை ஒன்று விழுங்கி 4 லட்சம் மட்டும் வெளியே தெரிகிறது. நான் விட்டுடலாம் என்று சொன்ன வரி இதுதான். மன்னிச்சுக்கோங்க மேடம்.

அப்படியென்றால் விளக்கம்: "பஞ்சு விலை ஏறியதால் 76 லட்சம் கூடுதல், உற்பத்தி குறைந்ததால் 80 லட்சம் மிச்சம்." சரியா?

---

ஸ்பின்னிங்_மாஸ்டர்_ராஜபாளையம்

தம்பி, கணக்கு சரி, காரணம் தப்பா இருக்கும்னு தோணுது. பஞ்சு மார்க்கெட்டில் கிலோவுக்கு 8 ரூபாய் ஏறவே இல்லையே. 2025 ஆகஸ்ட் 19-ல் பஞ்சு இறக்குமதி வரி 11 சதவீதத்தை மத்திய அரசு எடுத்துச்சு, அந்தச் சலுகையை அந்த வருஷம் டிசம்பர் 31 வரை நீட்டினாங்க. போர்டில் ஒரு பஞ்சு வியாபாரி இருக்கார்னு சொல்றீங்க. "விலை ஏற்றம்"னு எழுதிக் கொடுத்தா அவர் அந்த இடத்திலேயே நிறுத்திக் கேட்பார். அதுக்கப்புறம் பக்கத்தில் உள்ள வேற எதையும் நம்பமாட்டார்.

இன்னொண்ணு இடிக்குது. உற்பத்தி 5 சதவீதம் குறைஞ்சிருந்தா மின்சாரமும் குறைஞ்சிருக்கணும். 4 கோடியே 90 லட்சத்தில் 5 சதவீதம், கிட்டத்தட்ட 24 லட்சம். அது எங்கே?

நூற்கிற ஃப்ரேம் நின்னுச்சா, இல்ல நூல் நம்பரை, அதான் கவுன்ட்டை, மாத்தினாங்களா? ஸ்பின்னிங் டிப்பார்ட்மென்ட்டில் கேளுங்க, லெட்ஜரில் அது தெரியாது.

---

மில்_கணக்கு_பொள்ளாச்சி

மாஸ்டர் அண்ணா, நீங்க சொன்னதுதான். காலையில் டிப்பார்ட்மென்ட்டுக்குப் போய்க் கேட்டேன். ஒரு ஏற்றுமதி ஆர்டருக்காக ஐந்தில் ஒரு பங்கு ஃப்ரேமில் 40-ம் நம்பர் நூலை நிறுத்திவிட்டு அதைவிட மெல்லிய 50-ம் நம்பர் ஓட்டியிருக்காங்க. ஃப்ரேம் ஒன்று கூட நிற்கவில்லை, மூன்று ஷிப்டும் ஓடியிருக்கு. 50-ல் ஒரு ஸ்பிண்டிலுக்கு வரும் எடை முக்காலளவுதான் என்று சூப்பர்வைசர் சொன்னார். ஐந்தில் ஒரு பங்கில் கால் பங்கு குறைவு, மொத்தத்தில் 5 சதவீதம். கிலோ குறைந்தது இதனால்தான், வேலை குறைந்ததால் இல்லை.

அந்த ஆர்டருக்கு வாடிக்கையாளர் கலப்பு இல்லாத வெளிநாட்டுப் பஞ்சுதான் வேணும் என்று கேட்டிருக்கார். பர்ச்சேஸ் பில்களை ரகம் வாரியாகப் பிரித்தேன். எப்போதும் வாங்கும் ரகம் சராசரி 163 ரூபாய். ஆக சந்தை ஏற்றம் 3 ரூபாய்தான், அது 28 லட்சத்துச் சொச்சம். மீதி 47 லட்சத்துச் சொச்சம் அந்த இறக்குமதிப் பஞ்சுக்கு நாங்களாகவே கூடுதலாகக் கொடுத்தது. ஆறு வருஷமாக இந்த ரிப்போர்ட் போடுகிறேன். ஒருநாள் கூட டிப்பார்ட்மென்ட்டில் போய்க் கேட்டதில்லை என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கு.

---

ஸ்பின்னிங்_மாஸ்டர்_ராஜபாளையம்

அப்ப கரண்டும் புரிஞ்சுபோச்சு. ஸ்பிண்டில் சுத்துற நேரத்துக்குத்தான் கரண்ட், கிலோவுக்கு இல்ல. நேரம் மாறல, அதனால யூனிட் குறையல. கிலோவை வச்சு கரண்ட் பட்ஜெட்டைக் குறைக்கச் சொன்னா டிப்பார்ட்மென்ட்காரங்க மேல வீண் பழி விழும்.

---

ரிட்டயர்டு_ஃபைனான்ஸ்_திண்டுக்கல்

இப்போது விற்பனையில் 20 லட்சம் குறைவு என்ற வரியும் இதோடு சேர்ந்துகொள்கிறது. பஞ்சு ஒரு வரி, விற்பனை ஒரு வரி என்று தனித்தனியாகக் காரணம் எழுதினால் போர்டுக்கு ஒரே ஆர்டர் இரண்டு பிரச்சினையாகத் தெரியும். அதனால் காரணம் ஒன்றாக இருந்தால் வரியையும் ஒன்றாக்கிவிடுவது என் வழக்கம்.

கணக்கு இது. விற்பனை 20 லட்சம் பாதகம், பஞ்சு 4 லட்சம் சாதகம், சேர்த்து 16 லட்சம் பாதகம். இந்த ஆர்டர் இல்லாமல் வழக்கம்போல 40-ம் நம்பரையே ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? விற்பனை பட்ஜெட்படி வந்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். பஞ்சு 10 லட்சம் கிலோவுக்கும் 3 ரூபாய் ஏற்றம், 30 லட்சம் பாதகம். ஆக ஆர்டர் எடுத்ததால் 14 லட்சம் நஷ்டம் தவிர்ந்திருக்கிறது. "பஞ்சு பட்ஜெட்டுக்குள், விற்பனை குறைவு" என்று முதலில் எழுதிய இரண்டு வரியைப் படித்த ஒரு டைரக்டர், அந்த ஆர்டரை நிறுத்தச் சொல்லியிருக்கவும் கூடும்.

---

சிஏ_இன்டர்_மதுரை

சார், ஒரு சந்தேகம். "ஆர்டர் எடுக்காவிட்டால் இப்படி ஆகியிருக்கும்" என்பது நம் ஊகம்தானே? பஞ்சு ஏறும்போது 40-ம் நம்பர் நூல் விலையும் கொஞ்சம் ஏறியிருந்தால்? அந்த 14 லட்சத்தை போர்டு பேப்பரில் நம்பராகப் போடலாமா?

---

ரிட்டயர்டு_ஃபைனான்ஸ்_திண்டுக்கல்

நல்ல கேள்வி. 40-ம் நம்பர் நூல் பட்ஜெட் விலையிலேயே விற்றதா என்று இன்வாய்ஸைப் பார்த்துவிட்டுப் போடலாம் என்பது என் கருத்து. விற்பனை மேனேஜர் ஒப்புக்கொள்ளாவிட்டால் போடவேண்டாம், 16 லட்சத்தோடு நிறுத்திக்கொண்டு, கேட்டால் வாயால் சொல்லலாம். போர்டு பேப்பரில் அச்சானது நாளைக்கு மினிட்ஸில் ஏறும்.

---

மில்_கணக்கு_பொள்ளாச்சி

இன்வாய்ஸ் பார்த்துவிட்டேன். 40-ம் நம்பர் சராசரி பட்ஜெட் விலையை ஒட்டித்தான் போயிருக்கு. ஆனால் கடைசி இரண்டு வாரம் கொஞ்சம் மேலே. அதனால் 14 லட்சத்தை எழுதவில்லை. எழுதியது:

"பஞ்சும் விற்பனையும்: சேர்த்து 16 லட்சம் பாதகம். சந்தையில் பஞ்சு கிலோவுக்கு 3 ரூபாய் ஏறியதால் 28 லட்சம் போனது. 50-ம் நம்பர் ஏற்றுமதி ஆர்டர் அதில் 12 லட்சத்தை ஈடுகட்டியது. ஆர்டர் மார்ச் வரை உண்டு. டிசம்பர் வரை இறக்குமதி வரி இல்லாததால் அதற்கான பஞ்சு மலிவாகும்."

கேன்டீன் வரியே இல்லை. ஒரே பக்கம், ஐந்து வரி. பழைய 62 வரி ஷீட் பின்னால் இணைப்பாக.

---

அடுக்ககச்_செயலாளர்_வேளச்சேரி

நானும் லிஃப்டை ஏப்ரலுக்கு மாத்திட்டேன். ஜெனரேட்டர் டீசலுக்கு என்ன பண்றதுன்னுதான் தெரியல. கோடையில் கரண்ட் கட் எத்தனை நாள்னு யாருக்குத் தெரியும்?

---

காற்றாடி_ஆரல்வாய்மொழி

மூணு வருஷ பில் எடுத்துப் பாருங்க சார், ஓரளவு வந்துடும்.

பொள்ளாச்சி மேடம், மீட்டிங் எப்படிப் போச்சு? கியர்பாக்ஸ் 14 லட்சத்தை, காற்றாலையை ஓட்டிப் பராமரிக்கிற ஓ அண்டு எம் கம்பெனிகிட்ட கேட்டீங்களா? நிறைய ஒப்பந்தத்தில் மெஷின் இத்தனை சதவீத நேரம் ஓடணும்னு உறுதி இருக்கும். குறைஞ்சா அவங்க ஈடு கொடுக்கணும்.

---

மில்_கணக்கு_பொள்ளாச்சி

நேற்று முடிந்தது. சேர்மன் அய்யா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தை முழுசாகப் படித்தார், எனக்கு அதுவே முதல் தடவை. டாக்டர் மேடம்தான் முதல் கேள்வி கேட்டாங்க: "42 லட்சம் கூடுதல்னா அதுக்குப் பணம் எங்கே இருந்து வரும்?" ஆட்டோகோனர் பேச்சு மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. பஞ்சு வியாபாரி டைரக்டர் 3 ரூபாயைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார், எதுவும் கேட்கவில்லை.

பேங்கிங் யூனிட்டைச் சொன்னது ரொம்ப உதவியாக இருந்தது. பேங்க் மேனேஜர் சார் அதை ஒவ்வொரு மாதமும் தனி வரியாகக் கேட்டிருக்கார்.

ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். 95 சதவீதம் என்று இருக்கிறது, ஆனால் மாதத்துக்கா வருஷத்துக்கா என்று தெளிவாக இல்லை. ஜூலையை மட்டும் எடுத்தால் நமக்கு ஈடு வரணும். வருஷத்துக்கு என்றால் மூன்று வாரம் நின்றாலும் 94 சதவீதம் வந்துவிடுகிறது, கிடைப்பது சொற்பம். எம்.டி. வக்கீலிடம் கொடுத்திருக்கார். இன்னும் வராத இந்தப் பணத்தை அடுத்த ரிப்போர்ட்டில் மார்ச் கணிப்பில் கழிக்கலாமா, கூடாதா? மூத்தவர்கள் யாராவது சொல்லுங்க.

---

ரிட்டயர்டு_ஃபைனான்ஸ்_திண்டுக்கல்

அவர்கள் எழுத்தில் ஒப்புக்கொள்ளும்வரை 12.42 கோடியைக் குறைக்காதீர்கள். அடியில் "கோரிக்கை நிலுவையில்" என்று ஒரு வரி மட்டும்.

---

சிஏ_இன்டர்_மதுரை

சார், நான் வேறு மாதிரி நினைக்கிறேன். வக்கீல் வாய்ப்பு இருக்கு என்று சொன்னால், இரண்டு நம்பர் காட்டலாமே, கிடைத்தால் இவ்வளவு, கிடைக்காவிட்டால் இவ்வளவு என்று?

---

ஸ்பின்னிங்_மாஸ்டர்_ராஜபாளையம்

சேர்மன் அய்யா வயசில் உள்ளவங்க இரண்டு நம்பர் பார்த்தா சின்னதைத்தான் ஞாபகம் வச்சுக்குவாங்க தம்பி. எங்க மில்லில் அப்படி ஆகியிருக்கு.